வாடகை ஆர்டர் தாளில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

டர்பனில் நாற்காலி, மேசை, பந்தல், அண்டா, கேஸ் அடுப்பு என்று வாடகைக்கு விடும் சின்னக் கடைகளில் ஆர்டர் கணக்கு பெரும்பாலும் ஒரு கூகுள் ஷீட்ஸ் தாளிலோ எக்செல் தாளிலோதான் இருக்கும். சாதாரண வாரங்களில் அது ஒழுங்காகவே ஓடும். ஈஸ்டர் வாரத்தில் கோவில் திருவிழா, சனிக்கிழமை கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை இருபத்தொன்றாம் பிறந்தநாள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போதுதான் தாள் சொல்வதும் கிடங்கில் இருப்பதும் ஒத்துப்போகாமல் போகும்.

இந்தக் கோளாறுகள் வெளியே பல விதமாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். “திரும்பும் தேதி” என்று ஒரே ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு, அதையே நான்கு வேலைக்குப் பயன்படுத்துகிறோம்: வாடிக்கையாளருக்குக் கொடுத்த கெடு, பொருள் உண்மையில் வந்து சேர்ந்த நேரம், எண்ணிக் கழுவி அடுத்த ஆளுக்குக் கொடுக்கத் தயாராகும் நாள், டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள். நான்கும் வேறு வேறு நாட்கள். அவற்றைப் பிரித்து எழுதினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆகவே முதலில் தாளின் அமைப்பு. Orders என்ற தாளில் ஒரு வரிக்கு ஒரு பொருள். A பொருளின் பெயர், B ஆர்டர் எண், C எண்ணிக்கை, D எடுத்துப்போகும் நாள், E கெடு, F உண்மையில் திரும்பிய நாளும் நேரமும், G மறுபடி கைக்கு வரும் நாள், H தயார்ப்படுத்தத் தேவையான நாட்கள், I தாமதமானால் வாடிக்கையாளர் சொல்லும் புதிய நாள். இதில் G-ஐ யாரும் கையால் நிரப்பக் கூடாது. அதைச் சூத்திரம் கணக்கிடட்டும்:

```
=IF(F2<>"",INT(F2),MAX(INT(E2),INT(I2),TODAY()))+H2
```

பொருள் திரும்பிவிட்டால் திரும்பிய நாளிலிருந்து கணக்கு. திரும்பாவிட்டால் கெடு, புதிய வாக்கு நாள், இன்றைய தேதி மூன்றில் எது கடைசியோ அதிலிருந்து. அதோடு தயார்ப்படுத்தும் நாட்கள் சேரும். நாற்காலிக்கு H-இல் 1 போதும், வந்த நாள் முழுவதும் எண்ணவும் துடைக்கவும் போய்விடும். துணி மேசை விரிப்புக்கு 3 போடுங்கள். துவைத்து, காயவைத்து, தேய்த்து மடிக்க அத்தனை நாள் வேண்டும், மழை நாளில் இதுகூடப் போதாது.

நாட்காட்டி தனித் தாள். A-இல் பொருள், B-இல் கடையில் உள்ள மொத்தம், D1-இலிருந்து வலப்பக்கமாகத் தேதிகள். ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்குக் கையில் மிச்சம் எவ்வளவு என்று வர வேண்டும்:

```
=$B2-SUMIFS(Orders!$C:$C,Orders!$A:$A,$A2,Orders!$D:$D,"<"&D$1+1,Orders!$G:$G,">"&D$1)
```

உங்கள் கணினி தென்னாப்பிரிக்க அமைப்பில் இருந்து, சூத்திரத்தை ஏற்க மறுத்தால், காற்புள்ளிகளுக்குப் பதில் அரைப்புள்ளி போடுங்கள். இங்கே தசமத்துக்குக் காற்புள்ளி பயன்படுவதால் அந்த அமைப்பு சூத்திரத்துக்குள் அரைப்புள்ளியைத்தான் எதிர்பார்க்கும்.

## நாட்காட்டி “இருக்கிறது” என்கிறது, கிடங்கில் இல்லை

வாடகைக் கடைக்கு வரக்கூடிய மோசமான கோளாறு இதுதான். பணம் வாங்கியாகிவிட்டது, மண்டபத்தில் விருந்தாளிகள் வரப்போகிறார்கள், நாற்காலி இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2026 ஈஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளி ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு 5, திங்கள் 6 குடும்ப தினம் என்ற பொது விடுமுறை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். தாளில் 300 நாற்காலி என்று எழுதியிருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு கோவில் குழு வியாழன் 2-ஆம் தேதி 200 நாற்காலி எடுக்கிறது, சனி காலை 10 மணிக்குத் திருப்பித் தர வேண்டும். ஃபீனிக்ஸில் ஒரு குடும்பம் பிறந்தநாள் விருந்துக்கு 150 நாற்காலி கேட்கிறது, சனி பிற்பகல் எடுத்துப்போவார்கள். பழைய தாளைப் பார்த்தால் சனிக்கிழமை கோவில் நாற்காலி எல்லாம் வந்துவிடும், 300-உம் கையில் இருக்கும், தாராளமாகக் கொடுக்கலாம் என்று தோன்றும்.

இப்போது புதிய சூத்திரம் என்ன சொல்கிறது? முதலில் B-இல் உள்ள 300-ஐச் சரிபாருங்கள். கால் உடைந்து மூலையில் அடுக்கியிருக்கும் 12 நாற்காலியும் அதில் சேர்ந்திருந்தால் உண்மையான மொத்தம் 288. கோவில் ஆர்டருக்குக் கெடு 4-ஆம் தேதி, தயார்ப்படுத்த ஒரு நாள், ஆக G-இல் 5-ஆம் தேதி வரும். அதாவது சனிக்கிழமை அந்த 200-ஐயும் வெளியே இருப்பதாகவே தாள் எண்ணும். 288-இல் 200 போனால் 88. பிறந்தநாள் வீட்டுக்கு 150 வேண்டும், 62 குறைகிறது. இது வியாழக்கிழமைக்கு முன்பே தெரிந்தால் இன்னொரு கடையில் 62 நாற்காலி வாங்கிச் சமாளிக்கலாம், அல்லது கோவிலில் வெள்ளி இரவே எடுத்துவர வேன் அனுப்பலாம். சனி மதியம் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் தாளில் இந்த அறிகுறி வந்தால் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள். வரிசை முக்கியம், எளிதில் கண்டுபிடிக்கக்கூடியது முதலில் இருக்கிறது.

முதலில், உடைந்ததும் தொலைந்ததும் கழிக்கப்பட்டதா? கிடங்கில் போய் எண்ணி, வெளியே இருப்பதைக் கூட்டி, B-உடன் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் சூத்திரத்தைத் தொடவே வேண்டாம், மொத்தத்தைத் திருத்தினால் போதும்.

அடுத்து, கெடு தாண்டியும் F காலியாக இருக்கும் வரிகளை வடிகட்டிப் பாருங்கள். அவற்றில் சில உண்மையிலேயே திரும்பாதவை, சில திரும்பியும் யாரும் குறிக்காதவை. பழைய தாள்களில் கெடு தாண்டிய அன்றே பொருள் தானாகக் கையிருப்பில் சேர்ந்துவிடும். மேலே உள்ள சூத்திரத்தில் TODAY() இருப்பதால் திரும்பாத பொருள் ஒவ்வொரு நாளும் வெளியேயே நிற்கும். ஆனால் அது இன்றைக்கு மட்டும்தான் உதவும். ஞாயிறும் திங்களும் கடை பூட்டியிருக்கும் ஈஸ்டரில், சனி மாலை வராத நாற்காலி செவ்வாய்க்கு முன் வராது. ஞாயிற்றுக்கிழமைக்கு 200 நாற்காலி கையில் இருப்பதாகத் தாள் காட்டினால் அது பொய். அப்போது கோவில் குழுவுக்குப் போன் போட்டு, அவர்கள் சொல்லும் நாளை I-இல் எழுதுங்கள். E-இல் எழுதிவிடாதீர்கள். பலர் செய்வது அதுதான், கெடுவின்மேலேயே புதிய தேதியை அடித்துவிடுவது. அப்புறம் தாமதக் கட்டணத்துக்கு ஆதாரமே இருக்காது.

மூன்றாவது, தேதி உண்மையில் தேதியா, எழுத்தா? வாட்ஸப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய தேதி பல சமயம் வெறும் எழுத்தாக நின்றுவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் SUMIFS அந்த வரியை எண்ணவே எண்ணாது. ஆர்டர் எழுதியும் கையிருப்பு குறையவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். காலிக் கட்டத்தில் இப்படிச் சோதியுங்கள்:

```
=ISNUMBER(D2)
```

FALSE வந்தால் அந்தத் தேதியை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். தட்டும்போது 2026/04/05 என்று ஆண்டை முதலில் வைத்து எழுதுவது நல்லது. 05/04/2026 என்று எழுதினால், தாள் அமெரிக்க அமைப்பில் இருக்கும்போது அது ஏப்ரல் 5 ஆகாமல் மே 4 ஆகிவிடும். இந்தப் பிழையில் ISNUMBER கூட TRUE என்றே சொல்லும், அதனால் ஒரு மாதம் தள்ளி எங்கோ ஓர் ஆர்டர் தனியாக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

நான்காவது, எடுத்துப்போகும் நாளோடு நேரமும் சேர்ந்திருக்கிறதா? D-இல் “2026/04/04 14:00” என்று நேரத்தோடு எழுதினால், தாளைப் பொறுத்தவரை அது சனிக்கிழமை என்ற முழு எண்ணைவிடக் கொஞ்சம் பெரிய எண். நாட்காட்டிச் சூத்திரத்தில் "<="&D$1 என்று இருந்தால் எடுத்துப்போகும் முதல் நாள் மட்டும் கணக்கில் விட்டுப்போகும். மறுநாளிலிருந்து சரியாக இருக்கும். முதல் நாள் மட்டும் கூடுதலாகக் காட்டினால் காரணம் இதுவே. அதனால்தான் மேலே "<"&D$1+1 என்று எழுதியிருக்கிறது.

பாதி மட்டும் திரும்பிய ஆர்டரும் ஒரு தொல்லை. 200-இல் 150 வந்துவிட்டால் F-ஐ நிரப்புவதா, காலியாக விடுவதா? வரியை இரண்டாக்குங்கள். 150-க்கு ஒரு வரி, F நிரப்பியது. 50-க்கு ஒரு வரி, F காலி. ஆர்டர் எண் இரண்டுக்கும் ஒன்றே.

## கிடங்கில் அடுக்கி இருக்கிறது, நாட்காட்டி “இல்லை” என்கிறது

இது சத்தமில்லாத நஷ்டம். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம், அவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார், நமக்குத் தெரிவதே இல்லை.

அடிக்கடி வரும் காரணம், கேட்கும் காலத்தில் குறுக்கிடும் எல்லா ஆர்டரையும் மொத்தமாகக் கூட்டிவிடுவது. கடையில் 288 நாற்காலி. ஓர் ஆர்டர் வெள்ளி, சனி இரு நாளும் 200-ஐப் பிடித்திருக்கிறது. இன்னொன்று ஞாயிறு, திங்கள் 150-ஐப் பிடித்திருக்கிறது. மூன்றாவது ஒருவர் வெள்ளி முதல் திங்கள் வரை 80 கேட்கிறார். மொத்தமாகக் கூட்டினால் 350 வெளியே, கையில் 62 பற்றாக்குறை, “இல்லை” என்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்த 200-உம் 150-உம் ஒரே நாளில் வெளியே இருப்பதே இல்லை. நாள் நாளாகப் பாருங்கள்: வெள்ளி 88, சனி 88, ஞாயிறு 138, திங்கள் 138. நான்கு நாளிலும் மிகக் குறைந்தது 88. 80 கேட்கிறவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆகவே புதிய ஆர்டருக்கு விடை சொல்லும் கட்டத்தில், நாட்காட்டியின் அந்த நாட்களுக்கு MIN மட்டும் எடுங்கள்:

```
=MIN(D2:G2)
```

இன்னொரு காரணம் ரத்தான ஆர்டர்களும் வெறும் விலைக் கேள்விகளும் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டிருப்பது. F காலியாக இருப்பதால் அவை “இன்னும் திரும்பாத பொருள்” மாதிரி தினமும் நீண்டுகொண்டே போகும். ரத்தான ஆர்டரை அழிக்க வேண்டாம், C-ஐ 0 ஆக்கிவிட்டு, கேட்டிருந்த எண்ணிக்கையைக் குறிப்பில் எழுதுங்கள். விலை கேட்டவர்களுக்கு டெபாசிட் வரும்வரை C-இல் எண் போடாதீர்கள். “சரி அண்ணே, போட்டு வையுங்க” என்ற வாய்ச்சொல்லுக்காக 100 நாற்காலியை ஒரு வாரம் பூட்டி வைப்பது, பணத்தோடு நிற்கும் இன்னொருவருக்குச் செய்யும் அநியாயம்.

## காலையில் தப்பாகக் காட்டுகிறது, மதியம் தானாகச் சரியாகிறது

காலை கடை திறந்ததும் நேற்றைய நிலவரம் தெரியும், 9 மணிக்கோ 10 மணிக்கோ மேல் யாரும் எதையும் தொடாமலே சரியாகிவிடும். இதைப் பார்த்து இணையம் மெதுவாக இருக்கிறது என்று நினைப்பார்கள். காரணம் நேர மண்டலம். தாள் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருந்தால், டர்பனில் விடிந்து கடை திறந்த பிறகும் அங்கே முந்தின நாள் இரவுதான். TODAY() நேற்றைய தேதியைக் கொடுக்கும். கூகுள் ஷீட்ஸில் File, பிறகு Settings, அங்கே Time zone என்பதில் ஜோகன்னஸ்பர்க்கைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் Locale-ஐயும் South Africa என்று மாற்றிவிடலாம்.

இணையதளம் வழியாக ஆர்டர் எடுப்பவர்களுக்கு இதற்கு ஓர் உறவுக்காரக் கோளாறு உண்டு: எல்லா ஆர்டரும் ஒரு நாள் முன்னதாகப் பதிவாகும். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஏப்ரல் 4 பிறக்கும் நள்ளிரவு என்பதை அந்த மென்பொருள் பொது நேரத்துக்கு மாற்றினால் இப்படி ஆகும்:

```
2026-04-03T22:00:00Z
```

பிறகு தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் 3-ஆம் தேதி. பதிவேற்றிய கோப்பில் 22:00 என்று வரிசையாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நாள் கணக்கில் வாடகை விடும் பொருளுக்கு நேரமில்லாத வெறும் தேதியைச் சேமிக்கும்படி மென்பொருளைச் செய்தவரிடம் சொல்லுங்கள். தேதிகளைக் கையால் ஒரு நாள் கூட்டிக்கொண்டே போவது வழியல்ல.

## தாமதக் கட்டணத்தைப் பார்த்து வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார்

மறுபடி அந்தக் கோவில் ஆர்டர். சனி காலை 10 மணிக்கு வர வேண்டிய நாற்காலி செவ்வாய் காலை 9 மணிக்கு வந்தது. மணிக் கணக்கில் 71 மணி நேரம். மேல்நோக்கி முழுமையாக்கினால் 3 நாள். ஒரு நாற்காலிக்கு நாளொன்றுக்கு 8 ராண்ட் என்று வைத்தால், 200 நாற்காலிக்கு 3 நாள், 4,800 ராண்ட். குழுவின் பெரியவர் வந்து கேட்கிறார்: “தம்பி, சனிக்கிழமை வேன் கிடைக்காதது எங்க தப்பு, ஒத்துக்கிறோம். ஞாயிறும் திங்களும் நீங்களே கடையைப் பூட்டிட்டீங்களே, நாங்க யார் கையில கொடுக்கிறது?”

அவர் கேட்பது நியாயம். கடை பூட்டியிருக்கும் நாளுக்குத் தாமதக் கட்டணம் வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். திறந்திருந்த நாட்களை மட்டும் எண்ணுங்கள். ஞாயிறு விடுமுறை என்று வைத்து, பொது விடுமுறைகளை Holidays என்ற தாளில் எழுதிவைத்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=MAX(0,NETWORKDAYS.INTL(E2,F2,11,Holidays!$A$2:$A$20)-1)
```

இதில் 11 என்பது வார விடுமுறை ஞாயிறு மட்டும் என்பதற்கான குறியீடு. ஏப்ரல் 4 முதல் 7 வரை திறந்திருந்த நாட்கள் சனியும் செவ்வாயும், இரண்டில் ஒன்றைக் கழித்தால் 1. கட்டணம் 1,600 ராண்ட். கெடுவே விடுமுறை நாளில் விழுந்திருந்தாலும் இது சரியாக வரும். பிறந்தநாள் வீட்டின் கெடு திங்கள் 6 என்று யாராவது கவனிக்காமல் எழுதியிருந்தால், அவர்கள் செவ்வாய் கொண்டுவந்தாலும் 0 தான் வரும்.

இந்தச் சூத்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதே நாளில் சில மணி நேரம் தாமதித்தால் இது எதுவும் போடாது. நாற்காலிக்கு அது சரி. காலையில் வந்து பிற்பகலில் மறுபடி போகும் ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் மாதிரியான பொருளுக்கு அது போதாது. அவற்றுக்கு மணிக்கணக்கில் தனி விகிதம் வைத்து, அதை ஆர்டர் தாளிலேயே வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே எழுதுங்கள். பொருள் வந்தபிறகு சொல்லப்படும் எந்தக் கட்டணமும் சண்டையில்தான் முடியும்.

இன்னொன்று: தாமதக் கட்டணம் எல்லாருக்கும் 0 என்று வந்தால் F காலியாக இருக்கிறது என்று பொருள். திரும்பிய நேரத்தை யார் எழுதுவது என்று கடையில் ஓர் ஆளை முடிவு செய்யுங்கள். கிடங்கில் இறக்குபவரே எழுதுவது நல்லது, மாலையில் கணக்குப் பார்ப்பவருக்குச் சரியான நேரம் நினைவில் இருக்காது.

## டெபாசிட் கணக்கு நிற்கவில்லை

இங்கே மூன்று அறிகுறி. முதலாவது, 2,500 ராண்ட் டெபாசிட் கேட்ட இடத்தில் இன்வாய்ஸ் 2,875 என்று காட்டுகிறது. இன்வாய்ஸ் மென்பொருள் டெபாசிட்டையும் ஒரு விற்பனைப் பொருளாக நினைத்து 15 சதவீத வாட் சேர்த்துவிட்டது. 1991-ஆம் ஆண்டு வாட் சட்டப்படி டெபாசிட் கையில் இருக்கும்வரை விலையாகக் கருதப்படாது. வாடகைக்கு எதிராகக் கழிக்கும்போதோ, வாடிக்கையாளர் அதை இழக்கும்போதோதான் வாட் பேச்சே வரும். மென்பொருளில் டெபாசிட் வரியை வாட் இல்லாததாக மாற்றி, வருமானக் கணக்கிலிருந்து எடுத்து, திருப்பித் தர வேண்டிய கடன் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது, மாதக் கடைசியில் லாபம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் டெபாசிட் திருப்பித் தர வங்கியில் பணம் இல்லை. இதுவும் அதே தவறான கணக்கிலிருந்து வருவதுதான். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, வாடிக்கையாளரின் டெபாசிட்டைக் கடைக்காரர் தன் சொந்தப் பணம்போல நடத்தக் கூடாது என்கிறது. தனி வங்கிக் கணக்கு வைத்தால் சோதனை எளிது: திருப்பிக் கொடுத்த தேதி காலியாக உள்ள எல்லா ஆர்டரின் டெபாசிட்டையும் கூட்டுங்கள், அந்தத் தொகையும் வங்கி இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கியில் குறைவாக இருந்தால், பணம் அனுப்பியதாக வாடிக்கையாளர் காட்டிய படத்தை மட்டும் நம்பிப் “பெற்றது” என்று குறித்த ஆர்டர் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் படம் போலியாகவும் இருக்கலாம், வேறு வங்கியிலிருந்து வரும் பணம் தாமதமாகவும் வரலாம். நம் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருளை வண்டியில் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, திருப்பித் தர வேண்டிய தொகை கழித்தல் குறியோடு வருகிறது. கோவில் ஆர்டருக்குப் பழைய முறையில் 4,800 தாமதமும் 480 சேதமும் போட்டிருந்தால், 2,500 டெபாசிட்டில் கழித்து −2,780 வரும். சிலர் அதை மறைக்க 0 ஆக்கிவிடுவார்கள், வாங்க வேண்டிய பாக்கி அங்கேயே தொலைந்துவிடும். இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். J டெபாசிட், K தாமதம், L சேதம் என்றால், முதல் வரி நாம் தர வேண்டியது, இரண்டாவது வரி அவர் தர வேண்டியது:

```
=MAX(0,J2-K2-L2)
=MAX(0,K2+L2-J2)
```

திறந்திருந்த நாள் கணக்கில் தாமதம் 1,600, சேதம் 480. 2,500-இல் 2,080 போக 420 ராண்ட் கோவில் குழுவுக்குத் திரும்பப் போகும், பாக்கி 0.

வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தால் முழு டெபாசிட்டையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு நியாயமான ரத்துக் கட்டணத்தை மட்டுமே அனுமதிக்கிறது. யாருக்காகப் பதிவு செய்தார்களோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ அதுவும் வாங்க முடியாது.

## சேதக் கட்டணத்தை யாரும் ஒப்புக்கொள்வதில்லை

மேலே சொன்ன 480 எப்படி வந்தது? 200 நாற்காலி போய் 199 வந்தது, வந்ததில் 3-க்குக் கால் பிளந்திருந்தது. கடை இந்த நாற்காலிகளைச் சில வருடமாகப் பயன்படுத்துகிறது, இன்றைய நிலையில் ஒன்றின் மதிப்பு 120 ராண்ட். நான்குக்கு 480. புது நாற்காலியின் விலையை வாங்கினால் வாடிக்கையாளரின் செலவில் பழையதைப் புதுப்பித்துக்கொள்வதாகிவிடும், தகராறு அங்கேதான் தொடங்கும். பொருளின் பெயர், வாங்கிய ஆண்டு, இன்றைய மதிப்பு மூன்றையும் ஒரு பட்டியலாக வைத்து, ஆர்டர் எடுக்கும்போதே காட்டிவிடுங்கள்.

“இது முன்னாடியே உடைஞ்சிருந்தது” என்று அவர் சொன்னால் பதில் சொல்ல, வெளியே போகும்போது எடுத்த படம் வேண்டும். நாற்காலியைப் பத்துப் பத்தாக அடுக்கி, வண்டியில் ஏற்றிய பிறகு, எண்ணத் தெரியும்படி ஒரு படம். அண்டாவுக்கு உள்பக்கமும் அடிப்பக்கமும் ஒவ்வொன்று. பாதிச் சண்டைகளில் பிரச்சினை உடைந்ததாக இருக்காது, எண்ணிக்கையாகவே இருக்கும். வாடிக்கையாளரின் ஆள் முன்னிலையில் எண்ணி, இருவரும் எண்ணை எழுதி, பிறகு வண்டி கிளம்பட்டும். திரும்பும்போதும் அப்படியே. இரவில் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போகும் வழக்கத்தை நிறுத்துங்கள், அப்படி வந்ததில் ஒன்று குறைந்தால் யாரையும் கேட்க முடியாது.

மேசை விரிப்பில் மஞ்சள் கறை இருந்தால் மட்டும் அவசரப்பட்டு சேதம் என்று எழுதாதீர்கள். குழம்பு சிந்திய வெள்ளை விரிப்பைச் சோப்பில் போட்டதும் கறை சிவப்பாக மாறும். காரத்தன்மை பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், துணி கெட்டுவிட்டது என்று பொருளல்ல. நன்றாக அலசி நேர் வெயிலில் உலர்த்தினால் மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டே போகும். சில சமயம் இரண்டாவது முறை துவைத்து வெயிலில் போட வேண்டியிருக்கும். விரிப்புக்கு H-இல் 3 நாள் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மெழுகுவர்த்தி சொட்டியது வேறு கதை. மெழுகு நீங்கினாலும் அதிலுள்ள சாயம் நின்றுவிடலாம், சுடர் பட்டு ஓட்டை விழுந்திருந்தால் அது நிச்சயம் சேதம்.

ஆகவே விரிப்பு உள்ள ஆர்டரில் டெபாசிட்டை நாற்காலி வந்த அன்றே முழுவதும் திருப்பிவிடக் கூடாது. நாற்காலிக்கான பங்கை எண்ணி முடித்ததும் கொடுத்துவிட்டு, விரிப்புக்கான பங்கை G-இல் உள்ள நாள்வரை வைத்திருங்கள். அந்த நாளை ரசீதில் எழுதிக் கொடுத்தால் அவர் நடுவில் போன் போட்டுக் கேட்க மாட்டார். அந்த நாளில் துணி வெளுத்திருந்தால் மீதியையும் அனுப்பிவிட்டு வரியை மூடுங்கள். வெளுக்காவிட்டால் படத்தோடு சேதத் தொகையைச் சொல்லுங்கள்.